பிஜி தீசிஸின் ரெஃபரன்ஸ் பட்டியல்: ஜோட்டெரோவா, எண்ட்நோட்டா, மெண்டலேயா, கைவேலையா?

எம்.டி., எம்.எஸ். தீசிஸ் எழுதுபவர்களுக்கு ரெஃபரன்ஸ் பட்டியலைக் கையாள நான்கு வழிகள் இருக்கின்றன: ஜோட்டெரோ, எண்ட்நோட், மெண்டலே, பிறகு எந்த மென்பொருளும் இல்லாமல் வேர்டில் கையாலேயே தட்டச்சு செய்வது. கல்லூரியோ துறையோ ஏற்கெனவே எண்ட்நோட் வாங்கி வைத்திருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் ஜோட்டெரோவே போதும், செலவும் இல்லை. ஒருவரே கோப்பை வைத்து எழுதுகிற தீசிஸில் மெண்டலேயைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம் இல்லை. 25 ரெஃபரன்ஸுக்கு மேல் போகும் எதையும் கையால் செய்யக் கூடாது.

இந்த முடிவுக்கு வர விலையையும் வசதியையும் மட்டும் பார்த்தால் போதாது. எந்த வகைப் பிழையை எந்த வழி தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். தீசிஸில் நான்கு வகைப் பிழைகள் வருகின்றன. வரிசை எண் மாறிப்போவது ஒன்று. ஆசிரியர் பெயர், இதழ் பெயர், ஆண்டு, பக்கம் தப்பாக இருப்பது இரண்டாவது. இதழே திரும்பப் பெற்றுவிட்ட கட்டுரையை ஆதாரமாகக் காட்டுவது மூன்றாவது. கட்டுரை சொல்லாத ஒன்றை அது சொன்னதாக எழுதுவது நான்காவது. முதல் வகையை எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி தீர்த்துவிடும். இரண்டாவது, கட்டுரையை எங்கிருந்து எடுத்துச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. மூன்றாவதில்தான் வழிகளுக்குள் உண்மையான வித்தியாசம் தெரிகிறது. நான்காவதை எந்த மென்பொருளும் தீர்க்காது.

எடுத்துக்காட்டாக மயக்கவியல் துறையில் அடிக்கடி எடுக்கப்படும் ஒரு தலைப்பை வைத்துக்கொள்வோம்: லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பை நீக்கிய நோயாளிகளுக்கு வரும் குமட்டல், வாந்தியைத் தடுப்பதில் கிரானிசெட்ரானும் ஒன்டான்செட்ரானும். பட்டியலில் 90 ரெஃபரன்ஸ், வான்கூவர் பாணி, எண்கள் கட்டுரையில் வரும் வரிசைப்படி.

கையால் செய்தால்

பப்மெட்டில் ஒவ்வொரு கட்டுரைப் பக்கத்திலும் `Cite` பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி `NLM` வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் வான்கூவருக்கு மிக நெருக்கமான ஒரு வரி கிடைக்கும். அந்த வரியில் பிழை வருவது அரிது. ஆகவே தனித்தனி ரெஃபரன்ஸின் துல்லியத்தில் கைவேலை ஒன்றும் மட்டமில்லை. சிக்கல் எண்களில்தான்.

முதல் வரைவைப் படித்த கைடு, முன்னுரையில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறார். அதில் 2 புது ரெஃபரன்ஸ், இடம் 13-க்குப் பிறகு. இப்போது பழைய 14 என்பது 16 ஆக வேண்டும், 15 என்பது 17 ஆக வேண்டும், அப்படியே 90 வரை. வேர்டின் `Replace` வசதியில் 14-ஐ 16 ஆக்கினால், ஏற்கெனவே இருந்த 16-உம் புதிதாக வந்த 16-உம் ஒன்றாகிவிடும். அடுத்து 16-ஐ 18 ஆக்கும்போது இரண்டும் சேர்ந்து மாறும். 90-லிருந்து கீழ்நோக்கி மாற்றிக்கொண்டு வந்தால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் [12-15] போன்ற தொடர் எண் [12-17] ஆகிவிடும், சம்பந்தமில்லாத புது 14-உம் 15-உம் அதற்குள் நுழைந்துவிடும். "14 நோயாளிகளுக்கு வாந்தி வந்தது" என்ற ரிசல்ட்ஸ் வரியும் 16 நோயாளிகளாக மாறும் ஆபத்து வேறு. இது ரெஃபரன்ஸ் பிழையோடு நிற்காது, டேட்டாவையே கெடுத்துவிடும்.

வேர்டிலேயே உள்ள `References` பகுதியைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் வரும் பாணிகளில் வான்கூவர் இல்லை. திரும்பப் பெற்ற கட்டுரைகளைப் பற்றிய எச்சரிக்கையும் அதில் கிடையாது. கேஸ் ரிப்போர்ட்டுக்குக் கைவேலை சரி, தீசிஸுக்குச் சரியில்லை.

மென்பொருளுக்குள் குப்பை எப்படி நுழைகிறது

ஜோட்டெரோ, எண்ட்நோட், மெண்டலே மூன்றுமே நாம் உள்ளே போட்டதைத்தான் வெளியே எழுதும். பெரும்பாலான பிழைகளின் ஊற்று கூகுள் ஸ்காலர். அங்கிருந்து நேரடியாக இறக்கினால் ஆசிரியர் பட்டியல் பாதியில் நிற்கும், முதல் பெயர் வெறும் எழுத்தாகச் சுருங்கும், கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ பெரும்பாலும் வராது, பப்மெட் தரும் எண்ணான பிஎம்ஐடி வரவே வராது. பின்னால் வரும் திரும்பப் பெறுதல் சோதனைக்கு அடிப்படையே இந்த இரண்டு எண்கள்தான். இரண்டும் இல்லாத பதிவை மென்பொருளால் எந்தப் பட்டியலோடும் ஒப்பிட முடியாது. கட்டுரை செத்துப்போயிருந்தாலும் எச்சரிக்கை வராது.

எனவே கூகுள் ஸ்காலரில் தேடலாம், ஆனால் அங்கிருந்து சேர்க்கக் கூடாது. கட்டுரையைக் கண்டதும் அதன் தலைப்பைப் பப்மெட்டில் போட்டு, பிஎம்ஐடி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோட்டெரோவில் மந்திரக்கோல் போன்ற `Add Item(s) by Identifier` பொத்தானை அழுத்தி அந்த எண்ணை ஒட்டினால் முழு விவரமும் வந்துவிடும். பல எண்களை ஒரே தடவையில் ஒட்டலாம். எண்ட்நோட் வைத்திருப்பவர்கள் பப்மெட்டில் `Send to` சென்று `Citation manager` கொடுத்தால் வரும் `.nbib` கோப்பைத் திறக்கலாம். எண்ட்நோட்டில் கூடுதலாக ஒரு நல்ல வசதி இருக்கிறது: ஏற்கெனவே அரைகுறையாகக் கிடக்கும் பதிவைத் தேர்ந்தெடுத்து `Find Reference Updates` கொடுத்தால், விட்டுப்போன விவரங்களைத் தேடிக் காட்டும், எதை ஏற்பது என்று நாமே முடிவு செய்யலாம். பழைய லைப்ரரியைத் திருத்தும்போது இது மிகவும் உதவும்.

பப்மெட்டிலிருந்து எடுத்தாலும் மூன்று இடங்களில் கண் வைக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் ஆசிரியராக வரும் ஆவணங்கள் முதலாவது. ஜோட்டெரோவில் ஆசிரியர் புலம் இரண்டு பெட்டியாக இருந்தால் அது World Health Organization என்பதையும் மனிதப் பெயராக எடுத்துக்கொண்டு, பட்டியலில் `Organization WH` என்று அச்சிடும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி ஒற்றைப் பெட்டியாக மாற்ற வேண்டும். எண்ட்நோட்டில் இதே பிழைக்கு வேறு மருந்து: பெயரின் கடைசியில் ஒரு காற்புள்ளி, அதாவது `World Health Organization,` என்று தட்டச்சு செய்ய வேண்டும். தேர்வாளர் பட்டியலைப் புரட்டும்போது முதலில் கண்ணில் படும் பிழை இதுதான்.

இரண்டாவது, தலைப்பில் பெரிய எழுத்துகள். வான்கூவரில் தலைப்பின் முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்கும். சில இதழ்களின் தளத்திலிருந்து இறக்கினால் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் வரும். ஜோட்டெரோவில் தலைப்பின் மேல் வலது சொடுக்கு, `Transform Text`, பிறகு `Sentence case`. அதன் பிறகு Indian, COVID-19 போன்றவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, தவறியிருந்தால் கையால் திருத்துங்கள்.

மூன்றாவது நம் ஊர்ப் பெயர்கள். குடும்பப் பெயர் இல்லாமல், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கும் வழக்கம் நம்முடையது. ஒரே ஆய்வாளர் ஓர் இதழில் `Selvakumar K` என்றும் இன்னொன்றில் `K S` என்றும் வருவார். இதில் எது நியாயம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பப்மெட் அந்தக் கட்டுரைக்கு எப்படிப் பதிவு செய்திருக்கிறதோ, அப்படியே விடுங்கள். நம் அறிவைக் கொண்டு திருத்தினால், அந்தப் பெயரில் தேடும் அடுத்தவருக்குக் கட்டுரை கிடைக்காது.

இதழ் பெயர்ச் சுருக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஜோட்டெரோவின் வேர்டு பட்டையில் `Document Preferences` திறந்தால், மெட்லைன் சுருக்கங்களைப் பயன்படுத்தும் தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் `Indian J Anaesth` என்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும். எண்ட்நோட்டில் மருத்துவ இதழ்களின் சுருக்கப் பட்டியலைத் தனியாக இறக்குமதி செய்ய வேண்டும். இல்லையென்றால் சில இதழ்கள் முழுப் பெயரிலும் சில சுருக்கத்திலும் கலந்து வரும்.

திரும்பப் பெற்ற கட்டுரை: வித்தியாசம் தெரியும் இடம்

கிரானிசெட்ரானைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் யோஷிடாகா ஃபுஜி என்ற ஜப்பானிய மயக்கவியலாளரின் ஆய்வுகளைச் சந்தித்தே தீர வேண்டும். 1990-களிலும் அதற்குப் பின்னும் அறுவைக்குப் பிந்தைய வாந்தி பற்றி அவர் எழுதிக் குவித்தார். அவருடைய எண்கள் நம்ப முடியாத அளவு நேர்த்தியாக இருப்பதாக 2000-லேயே ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஓர் இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். 2012-ல் ஜப்பானிய மயக்கவியல் சங்கம் அவருடைய 212 கட்டுரைகளை விசாரித்து, 172-ல் தரவு புனையப்பட்டது என்று அறிவித்தது. மோசடி இல்லை என்று தேறியவை 3 மட்டுமே. மீதி 37-ஐப் பற்றி முடிவுக்கு வர முடியவில்லை.

அப்படியும் இந்தக் கட்டுரைகள் தீசிஸ்களில் எப்படி இன்னும் வருகின்றன? வழி எளிது. சீனியரின் தீசிஸ் கையில் இருக்கிறது. அதன் ரெவ்யூ ஆஃப் லிட்டரேச்சரிலிருந்து பத்து ரெஃபரன்ஸ் அப்படியே எடுக்கப்படுகிறது. அந்த சீனியர் தன் சீனியரிடமிருந்து எடுத்திருப்பார். பிடிஎஃப் கோப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கும். திரும்பப் பெற்ற பிறகு இதழின் தளத்தில் உள்ள கோப்பில்தான் `RETRACTED` என்ற முத்திரை குறுக்கே அச்சாகும். 2012-க்கு முன் இறக்கிய கோப்பில் அப்படி எந்த அடையாளமும் இருக்காது. படிப்பவருக்கு அது நல்ல கட்டுரையாகவே தெரியும்.

இங்கே ஜோட்டெரோ முன்னால் நிற்கிறது. 2019 முதல், திரும்பப் பெற்ற கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு அது இணைக்கப்பட்டிருக்கிறது. டிஓஐயோ பிஎம்ஐடியோ உள்ள பதிவு அந்தப் பட்டியலில் இருந்தால், பதிவைத் திறந்ததும் மேலே சிவப்புப் பட்டை தெரியும். இடப்பக்கம் `Retracted Items` என்ற தொகுப்பு தானாக உருவாகும். வேர்டில் அந்தக் கட்டுரையை மேற்கோளாகச் சேர்க்க முயன்றால் எச்சரிக்கும். நீங்கள் சேர்த்தபோது நல்லதாக இருந்து பின்னால் திரும்பப் பெறப்பட்டிருந்தால், ஆவணத்தை அடுத்து புதுப்பிக்கும்போது சொல்லும். மூன்று ஆண்டுப் படிப்பில் இந்தக் கடைசி வசதிதான் பெரிது. சினாப்சிஸ் எழுதும் நாளுக்கும் தீசிஸ் அச்சுக்குப் போகும் நாளுக்கும் நடுவே நிறைய மாறிவிடும். 2023-ல் மட்டும் உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை.

எண்ட்நோட்டின் புதிய பதிப்புகளிலும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே முறையாக வாங்கிய எண்ட்நோட் 21 அல்லது அதற்குப் பிந்தையது கையில் இருந்தால், இந்த விஷயத்தில் ஜோட்டெரோவுக்கு அது சளைத்ததில்லை. ஆனால் விடுதிகளில் கைமாறும் எண்ட்நோட் பெரும்பாலும் பழைய பதிப்பு, உரிமம் உடைக்கப்பட்டது. அதில் இந்த வசதியும் இருக்காது, புதுப்பிப்பும் வராது. அப்படியொன்றில் 90 ரெஃபரன்ஸை வைத்துக்கொண்டு எச்சரிக்கை வரவில்லையே என்று நிம்மதியாக இருப்பது மிகவும் ஆபத்தான நிலை.

எந்த மென்பொருளாக இருந்தாலும் விளம்பரத்தை நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். கீழே உள்ள இரண்டு பிஎம்ஐடி எண்களைச் சேர்த்துப் பாருங்கள்:

```
9500320
32450107
```

முதலாவது, எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசி 1998-ல் லான்செட்டில் வந்த கட்டுரை. 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது, கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுப்பது பற்றி 2020 மே 22 அன்று அதே லான்செட்டில் வந்து, ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்ட கட்டுரை. இரண்டுக்கும் உங்கள் மென்பொருள் வாய் திறக்கவில்லையென்றால், உங்கள் 90 ரெஃபரன்ஸில் எதைப் பற்றியும் அது வாய் திறக்கப் போவதில்லை. சோதித்த பிறகு இரண்டையும் நீக்கிவிடுங்கள்.

எச்சரிக்கை தராத மென்பொருளில் ஏற்கெனவே பாதி வேலை முடிந்துவிட்டது என்றால் மாறியே ஆக வேண்டும் என்பதில்லை. பப்மெட்டிலேயே மொத்தப் பட்டியலையும் ஒரே தேடலில் சோதிக்கலாம். பிஎம்ஐடி எண்களை `OR` போட்டுக் கோத்து, கடைசியில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்:

```
(9500320[uid] OR 32450107[uid]) AND retracted publication[pt]
```

அடைப்புக்குள் உங்கள் எண்கள் எல்லாம் வரட்டும். எத்தனை கட்டுரை வருகிறதோ, அத்தனையும் திரும்பப் பெறப்பட்டவை. ஒன்றும் வராவிட்டால் பப்மெட்டில் உள்ள உங்கள் கட்டுரைகளில் அப்படிக் குறிக்கப்பட்டது எதுவும் இல்லை. எண்களைத் தொகுக்க, ஜோட்டெரோவில் லைப்ரரியை `CSV` ஆக ஏற்றுமதி செய்தால் `Extra` என்ற பத்தியில் பிஎம்ஐடி இருக்கும். குறிப்பிட்ட ஆசிரியரைப் பற்றி ஐயம் இருந்தால் தேடலை இப்படி அமையுங்கள்:

```
Fujii Y[au] AND granisetron AND retracted publication[pt]
```

ஃபுஜி என்பது ஜப்பானில் சாதாரணமான பெயர். கடைசி நிபந்தனையை விட்டுவிட்டுத் தேடினால் நேர்மையாக உழைத்த வேறு ஃபுஜிகளும் வருவார்கள். பெயரை மட்டும் பார்த்து ஒரு கட்டுரையை ஒதுக்குவதும் தவறுதான்.

இந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. பப்மெட்டில் இல்லாத இதழ்களில் வந்தவற்றை அது பார்க்காது. நம் நாட்டு இதழ்கள் பலவற்றுக்கு டிஓஐ இருக்கும், பிஎம்ஐடி இருக்காது; சிலவற்றுக்கு இரண்டுமே இருக்காது. டிஓஐ உள்ளவற்றை ஜோட்டெரோ பார்த்துக்கொள்ளும். இரண்டும் இல்லாதவற்றுக்கு ரிட்ராக்‌ஷன் வாட்ச் தளத்தில் தலைப்பைப் போட்டுத் தேடி, இதழின் சொந்தப் பக்கத்தையும் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2023-ல் டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அந்தத் தரவுத்தளத்தை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டதால் இதற்குச் செலவு இல்லை. அதோடு, கட்டுரையைத் திரும்பப் பெறாமல், அதன் மேல் சந்தேகம் இருப்பதாக மட்டும் இதழ் அறிவிப்பதும் உண்டு. மேலே உள்ள தேடலில் அது வராது. உங்கள் முடிவுரை சாய்ந்து நிற்கும் நான்கைந்து முக்கியக் கட்டுரைகளின் பப்மெட் பக்கத்தைத் தனித்தனியாகத் திறந்து, தலைப்புக்கு மேலே ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது அடுக்கு

இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. ஃபுஜியின் எந்தக் கட்டுரையையும் நீங்கள் காட்டவில்லை. மாறாக 2005 வாக்கில் வந்த ஒரு தொகுப்பாய்வைக் காட்டுகிறீர்கள். அந்தத் தொகுப்பாய்வு திரும்பப் பெறப்படவில்லை. எழுதியவர்கள் நேர்மையானவர்கள், செய்முறையில் குறை இல்லை. ஆனால் அது சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வுகளில் ஃபுஜியின் ஆய்வுகள் பல இருந்தால், அதன் முடிவும் கறைபட்டதுதான். ஜோட்டெரோவோ எண்ட்நோட்டோ பப்மெட்டோ இதற்கு எந்த எச்சரிக்கையும் தராது.

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. ஐசியு நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் திரவம் கொடுப்பது பற்றி 2013-ல் ஜாமா இதழில் வந்த தொகுப்பாய்வில் இது கண்ணெதிரே நடந்தது. எல்லா ஆய்வுகளையும் சேர்த்தபோது இறப்பின் ஒப்பீட்டு அபாயம் 1.07, நம்பிக்கை இடைவெளியின் கீழ் எல்லை சரியாக 1.00-ல் நின்றது, தீங்கு உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. ஜெர்மனியின் யோகிம் போல்ட் என்ற மயக்கவியலாளரின் 7 ஆய்வுகளை நீக்கியதும் அபாயம் 1.09 ஆனது, கீழ் எல்லை 1.02-க்கு ஏறியது. போல்ட்டின் பிற கட்டுரைகள் ஏராளமாக 2011 முதல் திரும்பப் பெறப்பட்டிருந்தன. ஒரே ஒருவருடைய ஆய்வுகள் உள்ளே இருந்தவரை, அந்தத் திரவம் உயிருக்குத் தீங்கானது என்ற முடிவு தெளிவாகத் தெரியவில்லை.

ஆகவே ரெவ்யூவையோ தொகுப்பாய்வையோ காட்டும்போது, அது சேர்த்துக்கொண்ட ஆய்வுகளின் அட்டவணையைத் திறந்து, உங்கள் துறையில் பெயர்போன மோசடி ஆசிரியர்களைத் தேடுங்கள். மயக்கவியலில் மூன்று பெயர்கள் கட்டாயம்: ஃபுஜி, போல்ட், வலி நிவாரண மருந்துகளைப் பற்றி எழுதிய அமெரிக்கர் ஸ்காட் ரூபன். ரூபனின் 21 கட்டுரைகள் 2009-ல் கேள்விக்குள்ளாயின. பிடிஎஃப்பில் `Ctrl+F` போட்டுப் பெயரைத் தேட அரை நிமிடம் ஆகும். பெயர் வந்தால், அந்த ஆய்வுகளை விலக்கி மறுபடி கணக்கிட்ட பிற்காலத் தொகுப்பாய்வு இருக்கிறதா என்று பார்த்து, அதைக் காட்டுங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சிவப்புப் பட்டை வந்த உடனே அழித்துவிடாமல், ஏன் வந்தது என்று அறிவிப்பைப் படியுங்கள். மத்தியதரைக்கடல் உணவுமுறை பற்றிய பிரெடிமெட் ஆய்வு 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. பங்கேற்பாளர்களைக் குழுக்களாகப் பிரித்ததில் குறைகள் தெரிந்ததால் 2018-ல் திரும்பப் பெறப்பட்டு, திருத்திய கணக்கோடு அதே ஆண்டில் அதே இதழில் மறுபடி வெளியானது. இங்கே ஆய்வைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, 2013 பதிவுக்குப் பதிலாக 2018 பதிவைச் சேர்த்தால் போதும். ஃபுஜியின் மோசடியைப் பற்றியே ஒரு பத்தி எழுதுகிறீர்கள் என்றால் அவருடைய கட்டுரையையும் காட்டலாம். ஆனால் அது திரும்பப் பெறப்பட்டது என்று வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும், பட்டியலில் அந்த வரியின் முடிவில் `Retraction in:` என்று போட்டு, அறிவிப்பு வந்த இதழ், ஆண்டு, பக்கத்தைத் தர வேண்டும்.

எந்த மென்பொருளாலும் பிடிக்க முடியாதது

1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கியிருந்தபோது நார்க்காட்டிக் மருந்து பெற்ற 11,882 பேரில் 4 பேருக்குத்தான் அடிமைத்தனம் வந்ததாகப் பதிவு இருக்கிறது என்பது அதன் சாரம். இதை நூற்றுக்கணக்கான கட்டுரைகள் மேற்கோள் காட்டின. 2017-ல் கணக்கெடுத்தபோது 608 மேற்கோள்கள் கிடைத்தன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. வீட்டில் மாதக்கணக்கில் ஓபியாய்டு எடுப்பவர்களுக்கும் பொருந்தும் முடிவாக அது மாறிவிட்டது. கடிதம் பொய் சொல்லவில்லை. யாரும் அதைத் திரும்பப் பெறவில்லை. பெயர், ஆண்டு, பக்கம் எல்லாமே சரி.

தீசிஸில் இது நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான்: மூலக் கட்டுரையைத் திறக்காமல், இன்னொருவர் அதைப் பற்றி எழுதிய வாக்கியத்தை எடுப்பது. இதைத் தடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஜோட்டெரோவில் ஒவ்வொரு பதிவின் கீழும் `Note` சேர்க்கலாம். எண்ட்நோட்டில் `Research Notes` புலம் இருக்கிறது. ஒரு கட்டுரையை மேற்கோளாகச் சேர்க்கும் முன், அங்கே மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: எத்தனை பேர், எப்படிப்பட்ட நோயாளிகள்; எந்த மருந்து, என்ன டோஸ்; நான் எடுக்கும் எண் எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையில். பக்கத்தை எழுத முடியவில்லை என்றால் அந்தக் கட்டுரையை நீங்கள் படிக்கவில்லை. வைவாவில் தேர்வாளர் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முடிவெடுக்க

ஜோட்டெரோவின் இலவசக் கணக்கில் 300 எம்பி இடம்தான். பிடிஎஃப்களோடு சேர்த்தால் அது சீக்கிரம் நிரம்பும். அதற்காகக் காசு கட்ட வேண்டாம். `Settings` சென்று கோப்புகளின் `Sync` மட்டும் நிறுத்திவிடுங்கள். பதிவுகளும் குறிப்புகளும் இடக் கணக்கில் வராது, தொடர்ந்து சேமிக்கப்படும். பிடிஎஃப்களைப் பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையையோ எண்ட்நோட்டின் `.enl` கோப்பையோ அதன் `.Data` கோப்புறையையோ ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றுக்குள் வைத்து வேலை செய்யாதீர்கள். லைப்ரரி திறந்திருக்கும்போதே பாதிக் கோப்பு மேலே ஏறி, தரவுத்தளம் சிதைந்துபோகும்.

மெண்டலேயின் `Mendeley Cite` உலாவியில் ஓடும் வேர்டிலும் ஐபேடிலும் இயங்குகிறது. ஜோட்டெரோவுக்குக் கணினியில் நிறுவிய வேர்டோ, லிப்ரஆபீஸோ, கூகுள் டாக்ஸோ வேண்டும். கையில் ஐபேட் மட்டுமே இருக்கிறது என்றால் மெண்டலேவுக்கு அது ஒரு காரணமாகலாம். அப்படிப் போனால் மேலே சொன்ன இரண்டு எண் சோதனையையும் பப்மெட் தேடலையும் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். பழைய மெண்டலே டெஸ்க்டாப் 2022 செப்டம்பரோடு பதிவிறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. சீனியர் அதை வைத்து எழுதிய வேர்டு கோப்பை டெம்பிளேட்டாக எடுத்துக்கொண்டால் அதற்குள் பழைய மேற்கோள் குறியீடுகள் ஒளிந்திருக்கும், உங்களுடைய புதிய மேற்கோள்களோடு கலந்து குழப்பம் தரலாம். வெறும் கோப்பில் புதிதாகத் தொடங்குங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தீசிஸ் முழுவதையும் ஒரே வேர்டு கோப்பில் வைத்திருங்கள். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு வைத்தால் ஒவ்வொன்றிலும் எண் 1-லிருந்து தொடங்கும். ஒரே கட்டுரை இரண்டு பதிவாக இருந்தால் 12 என்றும் 37 என்றும் இரண்டு எண் பெறும். ஜோட்டெரோவின் `Duplicate Items` தொகுப்பில் அவற்றை `Merge` செய்யுங்கள், ஒன்றை அழிக்காதீர்கள். இணைத்தால் ஆவணத்தில் உள்ள மேற்கோள் தொடர்பு அறுபடாது. அழித்தால் அறுந்துவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முந்தைய நாள் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். முதலில் இணையத்தோடு ஜோட்டெரோவைத் திறந்து `Retracted Items` தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேர்டில் `Refresh`. பிறகு பப்மெட் தேடல். எல்லாம் முடிந்த பின், கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிட்டு, அந்த நகலில் மட்டும் `Unlink Citations` கொடுங்கள். ஜோட்டெரோ திறந்திருக்கும் கோப்பையே மாற்றிவிடும், திரும்பக் கட்ட முடியாது. எண்ட்நோட்டின் `Convert to Plain Text` தானாகவே புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, மூலத்தை விட்டுவைக்கும். `Retraction in:` போன்ற கையால் சேர்க்கும் சொற்களை இந்த நகலில்தான் சேர்க்க வேண்டும். அதற்கு முன் சேர்த்தால் அடுத்த `Refresh`-ல் அழிந்துபோகும். கைடு கடைசி நேரத்தில் இன்னொரு ரெஃபரன்ஸ் சேர்க்கச் சொன்னால் நகலைத் தொடாமல் மூலக் கோப்புக்குத் திரும்பி, அங்கே சேர்த்து, மறுபடி நகல் எடுங்கள்.